எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'நான்காம் ஸ்டேஜ்'. டியூமர் போர்டில் 'மூன்றாம் ஸ்டேஜ்': நடுவில் இருக்கும் அந்த ஒரு பக்கத் தாளில் என்ன நடக்கிறது?

ஸ்கேன் சென்டரில் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வருகிறது. நாக்கில் புண், எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். கடைசி வரியில் 'T3 N3b' என்று இருக்கிறது. வீட்டில் யாரோ ஒருவர் அதை அப்படியே கூகுளில் தட்டுகிறார். 'ஸ்டேஜ் IVB' என்று பதில் வருகிறது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வீடு உடைந்துபோகிறது.

பத்து நாள் கழித்து, அதே நோயாளிக்கு மருத்துவமனையின் டியூமர் போர்டு 'ஸ்டேஜ் III' என்று முடிவு செய்கிறது. ஸ்கேன் தப்பா? இல்லை. ஆறுதலுக்காகக் குறைத்துச் சொல்கிறார்களா? அதுவும் இல்லை. இடையில் ஒரு ஜூனியர் டாக்டர் உட்கார்ந்து, நான்கைந்து இடங்களில் இருந்து வந்த ரிப்போர்ட்களை ஒரே தாளில் வரிசைப்படுத்தியிருக்கிறார். 'ஸ்டேஜிங் ஒர்க்‌ஷீட்' என்று சொல்லப்படும் அந்தத் தாளில்தான் விஷயமே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கீழே வருபவர் உண்மையான ஒரு நபர் அல்ல. வாய்ப் புற்றுநோய்ப் பிரிவுகளில் வழக்கமாக வரும் ஒரு நோயாளியின் மாதிரி.

ஐந்து ரிப்போர்ட், ஐந்து கதை

47 வயது லாரி டிரைவர். இருபது வருடமாகப் புகையிலை மெல்லும் பழக்கம். நாக்கின் வலது ஓரத்தில் ஆறு வாரமாக ஆறாத புண். ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் காட்ட, அவர் பிப்ரவரி 24-ல் சிறு துண்டு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார். 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்று வந்தது. மார்ச் 4-ல் எம்.ஆர்.ஐ. மார்ச் 6-ல் பெரிய மருத்துவமனையின் ஓ.பி. மார்ச் 8-ல் கழுத்தில் இருந்த கட்டியில் ஊசி குத்தி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை. மார்ச் 9-ல் நெஞ்சு சி.டி. ஸ்கேன். மார்ச் 13-ல் போர்டு.

போர்டு என்றால் அறுவை சிகிச்சை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், மருந்து சிகிச்சை நிபுணர், ரேடியாலஜிஸ்ட், பேத்தாலஜிஸ்ட் எல்லோரும் ஒரே அறையில் உட்காரும் கூட்டம். ஒரே காலையில் நிறைய கேஸ்கள் வரிசையில் இருக்கும். ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்தில் யாரும் ஐந்து ஃபைல்களைப் புரட்டப்போவதில்லை. ஒர்க்‌ஷீட்டில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். அதில் தப்பாக ஒரு எண் ஏறிவிட்டால், அது அப்படியே சிகிச்சைத் திட்டமாக மாறிவிடும் ஆபத்து உண்டு.

ஜூனியர்கள் செய்யும் முதல் தவறு, ஒவ்வொரு ரிப்போர்ட்டின் கடைசி வரியையும் காப்பி பண்ணி ஒட்டிவிடுவது. கடைசி வரி என்பது அந்த ரிப்போர்ட்டை எழுதியவரின் கருத்து. ஒர்க்‌ஷீட்டுக்குத் தேவை அந்தக் கருத்துக்குப் பின்னால் இருக்கும் அளவு. அதனால் நல்ல ஒர்க்‌ஷீட்டில் ஒவ்வொரு வரியிலும் சில விஷயங்கள் இருக்கும்: என்ன பார்த்தார்கள், எத்தனை மில்லிமீட்டர், எந்த ரிப்போர்ட், எந்தத் தேதி, எப்படி அளந்தார்கள், என்ன சந்தேகம். ஸ்டேஜ் எழுதும் கட்டம் கீழே காலியாகவே இருக்கும். முதலிலேயே ஸ்டேஜை எழுதிவிட்டால், மிச்ச ரிப்போர்ட்டை எல்லாம் அதற்கு ஏற்ற மாதிரியே படிக்கத் தோன்றும். மனித மூளை அப்படித்தான்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: இந்த ஐந்து ரிப்போர்ட்டும் ஒரே ஆளுடையதுதானா, ஒரே இடத்தைப் பற்றியதுதானா என்று பார்ப்பது. நம் டிரைவர் விஷயத்தில் பயாப்சி ரிப்போர்ட் 'நாக்கின் இடது ஓரம்' என்கிறது. எம்.ஆர்.ஐ. 'வலது' என்கிறது. பல் மருத்துவமனைக்கு போன் போட்டுக் கேட்டால், லேபுக்கு அனுப்பிய படிவத்தில் பக்கத்தை மாற்றி எழுதியது தெரிகிறது. பயாப்சி எடுத்த தையல் தழும்பும் வலது பக்கம்தான். இரண்டு நிமிட வேலை. ஆனால், இதை யாரும் கவனிக்கவில்லை என்றால் அறுவை சிகிச்சை அறை வரைக்கும் இந்த 'இடது' போகும். வெளியில் எடுத்த பயாப்சியின் கண்ணாடி ஸ்லைடுகளையே வரவழைத்து, மருத்துவமனையின் பேத்தாலஜிஸ்ட் மறுபடி பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

11 மில்லிமீட்டரா, 8 மில்லிமீட்டரா?

உலகம் முழுக்கப் பெரும்பாலான புற்றுநோய்களுக்கு டி.என்.எம். என்ற முறையில்தான் ஸ்டேஜ் சொல்கிறார்கள். பிரெஞ்சு மருத்துவர் பியர் டெனுவா 1940-களில் தொடங்கியது. T என்றால் மூலக் கட்டி, N என்றால் நிணநீர்க் கணு (நம் ஊரில் 'நெறி கட்டியிருக்கு' என்று சொல்கிறோமே, அது), M என்றால் தூரத்து உறுப்புகளுக்குப் பரவியிருப்பது. மூன்றையும் சேர்த்தால் ஸ்டேஜ்.

வாய்ப் புற்றுநோய்க்கு 2018 வரை T என்பது பெரும்பாலும் கட்டியின் நீளத்தை வைத்துத்தான். அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த 8-வது பதிப்பு, ஆழத்தையும் சேர்த்தது. காரணம் எளிமையானது. நாக்கின் மேலே பரந்து கிடக்கும் மூன்று சென்டிமீட்டர் புண்ணைவிட, ஒன்றரை சென்டிமீட்டரே இருந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கிய கட்டி கழுத்துக் கணுக்களுக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

நம் நோயாளிக்கு ஓ.பி.யில் விரலால் தொட்டு அளந்தபோது கட்டி 2.4 செ.மீ. எம்.ஆர்.ஐ.யில் 3.1 செ.மீ. எது சரி என்று அடித்துக்கொள்ளத் தேவையில்லை. 2-க்கு மேல், 4 வரை என்பது ஒரே பெட்டி. இரண்டு அளவும் அதற்குள்தான் விழுகின்றன. இரண்டையும் தேதியோடு எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். பயாப்சி முடிந்து எட்டாவது நாள் ஸ்கேன் எடுத்திருப்பதால், வெட்டிய இடத்தின் வீக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரிந்திருக்கலாம் என்று ஒரு குறிப்பு போதும்.

சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. இந்தப் பெட்டிக்குள் ஆழம் 10 மி.மீ. வரை என்றால் T2. அதைத் தாண்டினால் T3. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் '11 மி.மீ.' என்கிறது. அதனால்தான் கடைசி வரியில் T3 வந்தது.

ஒர்க்‌ஷீட் தயாரிக்கும் ஜூனியர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எங்கிருந்து எங்கே வரை 11? அவர் படங்களை மருத்துவமனை ரேடியாலஜிஸ்ட்டிடம் கொண்டுபோகிறார்.

"மேடம், இந்த 11 மில்லிமீட்டர் கட்டியோட மேல்பரப்புல இருந்து அளந்ததா?"

"ஆமா, மேல இருந்து கீழ வரைக்கும் மொத்தமா அளந்திருக்காங்க. இது தடிமன்பா, ஆழம் இல்ல. பக்கத்துல நல்லா இருக்கிற தோல் எங்க இருக்கு பாரு. அந்த மட்டத்துல ஒரு கோடு போடு. அதுக்குக் கீழ எவ்வளவு இறங்கியிருக்குன்னு சொல்லு."

கோடு போட்டு அளந்தால் 8 மி.மீ. மிச்சம் 3 மி.மீ. நாக்குக்கு மேலே காளான் மாதிரி எழும்பி நிற்கும் பகுதி. வீட்டின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று கேட்டால், தரைக்கு மேலே இருக்கும் சுவரையும் சேர்த்து அளந்து சொல்வோமா? அது மாதிரிதான் இதுவும். புண் குழியாக இருந்தால் தலைகீழ்ப் பிரச்சினை வரும். குழியின் அடியில் இருந்து அளந்தால், உண்மையான ஆழத்தைவிடக் குறைவாக வரும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: பக்கத்து நல்ல தோலின் மட்டத்தில் இருந்து அளப்பது.

பயாப்சி ரிப்போர்ட்டிலும் ஓர் ஆழம் இருக்கிறது: 'குறைந்தபட்சம் 3 மி.மீ.' இதைப் பார்த்துவிட்டு, 'பேத்தாலஜி சொன்னதுதானே துல்லியம்' என்று 3-ஐ எடுத்துக்கொள்ளும் ஆட்களும் உண்டு. பயாப்சித் துண்டின் அடி விளிம்பு வரை கட்டி இருந்திருக்கிறது. அதாவது துண்டு முடிந்துவிட்டது, கட்டி முடியவில்லை. கிணற்றில் மூன்றடிக் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் ஆழம் மூன்றடி என்று சொல்வது போலத்தான். அந்த எண்ணையும் ஒர்க்‌ஷீட்டில் எழுதலாம். பக்கத்தில் 'ஸ்டேஜுக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று எழுத வேண்டும்.

ஆக, T வரியில் இருப்பது இதுதான்: எம்.ஆர்.ஐ. தடிமன் 11 மி.மீ., மறு அளவீட்டில் ஊடுருவிய ஆழம் 8 மி.மீ., அளந்தவர் யார், எந்தத் தேதி. முந்தைய எண்ணை அழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அழித்துவிட்டால், போர்டில் யாராவது பழைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதுல 11-னு போட்டிருக்கே?" என்று கேட்கும்போது பதில் இருக்காது.

'N3b' எங்கிருந்து வந்தது?

குடும்பத்தைக் கலங்கடித்தது உண்மையில் T அல்ல, N. டி.என்.எம். கணக்கில் N3 வந்துவிட்டால், T எதுவாக இருந்தாலும் IVB-தான்.

எம்.ஆர்.ஐ.யில் வலது கழுத்தில் ஒரே ஒரு கணு. 1.6 செ.மீ. அதன் ஓரம் தெளிவாக இல்லை. 'கணுவின் உறையைத் தாண்டிப் பரவியிருக்கலாம்' என்று ரிப்போர்ட் சொல்கிறது. கணுவைச் சுற்றி மெல்லிய உறை உண்டு. புற்று அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் நோய் வேகமானது என்று அர்த்தம். அதனால், அப்படி நடந்திருப்பது சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையில் உறுதியாகத் தெரிந்தால், கணு சின்னதாக இருந்தாலும் N3b.

ஆனால், அதே 8-வது பதிப்பு ஒரு நிபந்தனையையும் வைத்திருக்கிறது. ஸ்கேனில் மட்டும் சந்தேகம் இருந்தால் போதாது. கையால் பார்க்கும்போதே தெரிய வேண்டும்: கணு மேலே உள்ள தோலைப் பிடித்திருக்க வேண்டும், அல்லது அடியில் உள்ள தசையோடு ஒட்டி அசையாமல் இருக்க வேண்டும், அல்லது நரம்பு பாதிக்கப்பட்டதற்கான அறிகுறி இருக்க வேண்டும். ஸ்கேன் அதற்குத் துணைச் சாட்சி. ஏன் இவ்வளவு கறார்? கணுவின் ஓரம் மங்கலாகத் தெரிய வேறு காரணங்களும் இருக்கலாம். ஸ்கேன் 'தாண்டியிருக்கு' என்று சொல்வதும், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தாண்டாமல் இருப்பதும் நடக்கும்.

மார்ச் 6 ஓ.பி. குறிப்பில் என்ன இருக்கிறது? 'வலது கழுத்தில் ஒரு கணு, 1.5 செ.மீ., கெட்டியாக இருக்கிறது, நன்றாக அசைகிறது, தோல் இயல்பு.' அந்த 'அசைகிறது' என்ற ஒரு சொல்தான் IVB-க்கும் III-க்கும் நடுவே நிற்கிறது. ஓ.பி. அவசரத்தில் அதை எழுதாமல் விட்டிருந்தால் ஒர்க்‌ஷீட்டில் அந்தக் கட்டம் காலி. அப்படிக் காலியாக இருந்தால் ஊகித்து நிரப்பாமல், நோயாளியை மறுபடி கூப்பிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான் வழி.

எஃப்.என்.ஏ.சி. முடிவு: அந்தக் கணுவில் புற்றுச் செல்கள் இருக்கின்றன. ஆக, ஒரே பக்கம், ஒரே கணு, 3 செ.மீ.க்குள், உறை தாண்டியதற்குக் கை அறிந்த சான்று இல்லை. இது N1. ஊசியில் உறுதியானதைக் காட்ட cN1(f) என்று எழுதுவார்கள். இங்கேயும் ஒரு வழக்கமான தவறு இருக்கிறது. ஊசிச் சோதனையைப் படித்தவர் பேத்தாலஜிஸ்ட் என்பதால் pN1 என்று எழுதிவிடுவது. முன்னால் வரும் c, p என்ற எழுத்து யார் பார்த்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. எப்போது பார்த்தார்கள் என்பதைச் சொல்கிறது. சிகிச்சை தொடங்கும் முன் தெரிந்த எல்லாம் c. அறுவை சிகிச்சையில் வெட்டி எடுத்ததைப் பார்த்துச் சொல்வது p.

அப்படியென்றால் ரேடியாலஜிஸ்ட்டின் சந்தேகம் என்ன ஆனது? குப்பையில் போடவில்லை. N வரியின் குறிப்புக் கட்டத்தில் அப்படியே ஏறுகிறது: 'எம்.ஆர்.ஐ.: ஓரம் தெளிவில்லை, உறை தாண்டல் சந்தேகம்.' இந்த வரி பிறகு வேலைக்கு வரும்.

நெஞ்சில் ஒரு 4 மி.மீ. புள்ளி

நெஞ்சு சி.டி.யில் வலது நுரையீரலில் 4 மி.மீ. புள்ளி ஒன்று. 'தன்மை உறுதியாகத் தெரியவில்லை.' நம் நாட்டில் காசநோய் விட்டுச்சென்ற பழைய தழும்புகள் இப்படித் தெரிவது சாதாரணம். இவ்வளவு சின்னப் புள்ளியில் ஊசி விட்டு எடுப்பதும் சுலபமில்லை. 'MX' என்று போட்டுத் தப்பிக்கலாமா? அப்படி ஒரு வகை இப்போது கிடையாது. பரவியிருப்பதற்குச் சான்று இல்லையென்றால் cM0. சந்தேகம் வந்தால் குறைவான வகையைத் தேர்ந்தெடு என்பது டி.என்.எம். முறையின் பொது விதிகளில் ஒன்று. ஆனால், புள்ளி ஒர்க்‌ஷீட்டில் இருக்கும். அடுத்த ஸ்கேன் எப்போது என்ற தேதியும் பக்கத்தில் இருக்கும்.

மார்ச் 13. போர்டில் இந்தத் தாள் திரையில் வருகிறது. படங்களை எல்லோரும் ஒருமுறை பார்க்கிறார்கள். காலியாக இருந்த கட்டம் நிரப்பப்படுகிறது: cT2 cN1(f) cM0, ஸ்டேஜ் III. நாக்கின் ஒரு பகுதியையும் வலது கழுத்துக் கணுக்களையும் அகற்றும் அறுவை சிகிச்சை என்று முடிவாகிறது. குறிப்புக் கட்டத்தைப் படித்த பேத்தாலஜிஸ்ட், "அந்தக் கணுவை எனக்குத் தனியா அடையாளம் போட்டு அனுப்புங்க, முழுசா வெட்டிப் பார்க்கிறேன்" என்கிறார்.

மறுபடியும் நான்கா?

அறுவை சிகிச்சை மார்ச் 24. ஏப்ரல் 6-ல் ரிப்போர்ட். கட்டி 2.2 செ.மீ., ஆழம் 7 மி.மீ. ஸ்கேனைவிடக் குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை; வெட்டி எடுத்த திசு சுருங்கும், ஃபார்மலினில் போட்டபிறகும் சுருங்கும். வெட்டிய ஓரங்களில் கட்டி இல்லை. மொத்தம் 31 கணுக்கள்; ஒன்றில் மட்டும் புற்று. அடையாளம் போட்டு அனுப்பிய அதே கணு. அதில் ஓர் இடத்தில் புற்று உறையைத் தாண்டி 1.5 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. கையால் தொட்டால் தெரியவே தெரியாத அளவு.

வெட்டி எடுத்த பிறகான கணக்கில், 3 செ.மீ.க்குள் இருக்கும் ஒற்றைக் கணுவில் உறை தாண்டியிருந்தால் pN2a. ஆக pT2 pN2a cM0, ஸ்டேஜ் IVA. எம்.ஆர்.ஐ. சந்தேகப்பட்டது கடைசியில் உண்மைதான். ஆனால், எம்.ஆர்.ஐ. சொன்ன N3b-யும் இல்லை, IVB-யும் இல்லை.

இந்த இடத்தில் சில மருத்துவமனைகளில் நடக்கும் தவறு, பழைய 'ஸ்டேஜ் III'-ஐ அழித்துவிட்டு அதன்மேல் IVA என்று எழுதுவது. இரண்டும் தனித்தனி வரிகளாக, தனித்தனித் தேதிகளோடு இருக்க வேண்டும். முதல் வரி, அறுவை சிகிச்சையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குப் பதில். இரண்டாவது வரி, இனி என்ன என்பதற்கு. உறை தாண்டியிருக்கிறது என்ற அந்த ஒரு கண்டுபிடிப்பால், வெறும் கதிர்வீச்சோடு நிறுத்தாமல் சிஸ்பிளாட்டின் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். 2004-ல் வெளியான ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகள் இரண்டு இந்த வழக்கத்துக்கு அடிப்படை. கதிர்வீச்சை அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள். நம் நோயாளிக்கு அந்தக் கெடு மே 5. அதனால் ஏப்ரல் 10 போர்டிலேயே ஒர்க்‌ஷீட் இரண்டாவது முறை திரைக்கு வருகிறது.

டிரைவரின் மனைவிக்குக் குழப்பம். "முதல்ல ஸ்கேன்ல நாலுன்னு இருந்துச்சு. நீங்க மூணுன்னீங்க. இப்ப திரும்ப நாலுங்கறீங்க. ஒரு மாசத்துல வளந்துடுச்சா சார்?"

"வளரலம்மா. அன்னைக்குத் தொட்டுப் பார்த்தும் ஸ்கேன்லயும் தெரிஞ்சதை வெச்சு மூணுன்னு சொன்னோம். இப்ப எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்ல பார்த்தப்ப, ஒன்றரை மில்லிமீட்டர் வெளிய வந்திருக்கிறது தெரிஞ்சது. அதனாலதான் கதிர்வீச்சோட மருந்தும் சேர்க்கிறோம்."

"நெஞ்சுல ஒரு புள்ளின்னாங்களே?"

டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டுகிறார். M வரியில் '4 மி.மீ., வலது நுரையீரல், மார்ச் 9' என்று இருக்கிறது. பக்கத்தில், கதிர்வீச்சு முடிந்தபிறகு எடுக்க வேண்டிய சி.டி.க்கான தேதி. அதற்கும் பக்கத்தில் முடிவு எழுதும் கட்டம், இன்னும் காலியாக.